தீபாவளி நவம்பருக்குப் போகிறது. 2026 விற்பனை பட்ஜெட்டை மாதவாரியாகப் பிரிப்பது எப்படி?

சிப்புட் முறுக்கு

எல்லாருக்கும் வணக்கம். சுங்கை சிப்புட்டில் நானும் தம்பியும் முறுக்குப் பட்டறை நடத்துகிறோம். ஆறு வேலையாட்கள், ஒரு பிழியும் மெஷின். 300 கிராம் பாக்கெட்தான் முக்கியச் சரக்கு. இன்னொரு மெஷின் வாங்க வங்கியில் கடன் கேட்டிருக்கிறோம். 2026க்கு மாதாமாதம் எவ்வளவு விற்பனை வரும் என்று பட்ஜெட் எழுதித் தரச் சொல்கிறார்கள்.

2025இல் செப்டம்பரில் 6,500 பாக்கெட், அக்டோபரில் 6,200, நவம்பரில் 4,100 போனது. மற்ற மாதங்களில் வாரத்துக்கு ஆயிரம் என்று சீராகப் போகும். ஒவ்வொரு மாதத்துக்கும் பத்து விழுக்காடு கூட்டி, பாக்கெட் விலை 5.50 வெள்ளியால் பெருக்கிப் போட்டிருக்கிறேன். செப்டம்பர் 39,325, அக்டோபர் 37,510, நவம்பர் 24,805 வெள்ளி வருகிறது. அனுப்புவதற்கு முன் யாராவது ஒரு கண் பார்த்துச் சொல்லுங்கள்.

ஈப்போ லோரிக்காரன்

தங்கச்சி, நான் பதினெட்டுக் கடைகளுக்குப் பலகாரம் ஏற்றி இறக்குகிறவன். எந்த மளிகைக் கடையும் உங்களுக்கு 5.50 தராது. அது கடைக்காரர் ஒட்டும் விலை. உங்கள் கைக்கு வருவது எவ்வளவோ அதைப் போடுங்கள். மற்றபடி போன வருஷத்து வெள்ளிக் கணக்கில் பத்து கூட்டினால் போதும், எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள். தீபாவளிச் சரக்கு எப்போதும் செப்டம்பர், அக்டோபரில்தான் ஏறும்.

செலவுக்கணக்கு

விலை பற்றி அண்ணன் சொன்னது சரி. கடைசி வரிதான் இந்த முறை காலை வாரிவிடும். 2024இல் தீபாவளி அக்டோபர் 31. 2025இல் அக்டோபர் 20. 2026இல் நவம்பர் 8. பத்தொன்பது நாள் பின்னால் தள்ளிப் போகிறது. போன வருஷம் செப்டம்பர் நடுவிலேயே கடைக்காரர்கள் கேட்க ஆரம்பித்திருப்பார்கள். வரும் செப்டம்பர் ஏறக்குறைய ஒரு சாதாரண மாதம்தான். 39,325 என்று எழுதிக் கொடுத்துவிட்டு அந்த மாதம் பாதிகூட வராவிட்டால், வங்கியில் இருப்பவர் உடனே போன் போடுவார்.

மாதக் கணக்கைக் கொஞ்ச நேரம் மறந்துவிடுங்கள். இரண்டு விஷயம் வேண்டும். தீபாவளிக்கு முந்திய ஐந்து வாரமும் பிந்திய இரண்டு வாரமும், வாரவாரியாக எத்தனை பாக்கெட் வெளியே போனது? அப்புறம், யார் யாருக்கு என்ன விலைக்குப் போகிறது?

கோல கங்சார் மசாலா

எதற்கு இவ்வளவு தலைவலி? கடைக்காரர்கள் தீபாவளி முடிந்து, சரக்கு விற்ற பிறகுதான் பணம் தருவார்கள். எங்கள் மசாலாப் பொடிக்கும் அப்படித்தான், டிசம்பரில்தான் கைக்குக் காசு வரும். அதனால் பெரிய தொகையை டிசம்பரில் போட்டுவிடுங்கள், தேதி எங்கே நகர்ந்தாலும் கவலையில்லை.

செலவுக்கணக்கு

அது பணம் வசூலாகும் கணக்கு. அதுவும் வங்கிக்கு வேண்டும், ஆனால் தனித் தாளில். அவர் இங்கே கேட்பது விற்பனை. கடைக்காரர் விலை பேசி வாங்கிக்கொண்டால், அந்த மாதமே விற்பனை. காசு எப்போது வந்தாலும் சரி. இரண்டையும் ஒரே தாளில் கலந்தால், அக்டோபரில் மாவும் எண்ணெயும் வாங்க ஏன் கையில் பணமில்லை என்பது யாருக்கும் புரியாது.

பேரங்காடி மட்டும் வேறு. விற்றால் காசு, விற்காவிட்டால் திருப்பி எடுத்துக்கொள் என்ற பேச்சில் வைத்திருந்தால், அங்கே இறக்கியது இன்னும் விற்பனை ஆகவில்லை.

சிப்புட் முறுக்கு

அக்கா, லோரி ரசீதுப் புத்தகத்தைப் புரட்டி எடுத்தேன். 2025 கணக்கு இது. செப்டம்பர் 15இல் தொடங்கும் வாரம் 1,500. அடுத்த வாரம் 2,200. செப்டம்பர் 29 வாரம் 2,400. அக்டோபர் 6 வாரம் 2,400. தீபாவளிக்கு முந்திய கடைசி வாரம் 1,400. தீபாவளி வாரம் 400, அதற்கடுத்தது 500. பிறகு பழையபடி ஆயிரம்.

விலை: மளிகைக் கடைகளுக்கு இப்போது 4.00 வெள்ளி, ஏப்ரலிலிருந்து 4.20 ஆக்கப் போகிறோம். பேரங்காடிக்கு ஏப்ரலிலிருந்து 4.60, அதில் பத்து விழுக்காடு கழித்துக்கொண்டுதான் தருவார்கள். நூறு பாக்கெட் இறக்கினால் பன்னிரண்டு திரும்பி வரும், உடைந்தது, தேதி நெருங்கியது என்று. பட்டறை வாசலிலும் பாசார் மாலாமிலும் நாங்களே விற்பது 5.50. மொத்தத்தில் கடைகள் 60, பேரங்காடி 25, நேரடி 15 விழுக்காடு.

செலவுக்கணக்கு

நல்ல புத்தகம் வைத்திருக்கிறீர்கள். இனி வேலை சுலபம்.

வாரங்களைத் தேதியால் கூப்பிடாமல், தீபாவளிக்கு எத்தனை வாரம் முன்னால் என்று கூப்பிடுங்கள். ஐந்தாம் வாரம் முன்னால் 1,500, நான்காம் வாரம் 2,200, மூன்றாவது 2,400, இரண்டாவது 2,400, கடைசி வாரம் 1,400. இந்த வரிசையை அப்படியே தூக்கி 2026 நாட்காட்டியில் நவம்பர் 8க்கு முன்னால் வையுங்கள். அதிர்ஷ்டவசமாக இந்த வருஷம் வாரங்கள் மாதத்தோடு ஒட்டி விழுகின்றன. முதல் நான்கு வாரம் அக்டோபர் 4 முதல் 31 வரை. கடைசி வாரம் நவம்பர் 1 முதல் 7 வரை.

இப்போது மாதமாகக் கூட்டுங்கள். செப்டம்பர் முழுக்கச் சாதாரண வாரங்கள், 4,300. அக்டோபர் முதல் மூன்று நாளுக்கு 500, அதோடு நான்கு வாரமும் சேர்ந்தால் 9,000. நவம்பரில் 1,400, பிறகு இறங்கும் 400, 500, மீதி நாட்களுக்கு 1,200, ஆக 3,500.

மூன்று மாதத்தையும் கூட்டிப் பாருங்கள், 16,800. உங்கள் 2025 கணக்கும் 16,800தான். ஒரு பாக்கெட்கூட ஏறவில்லை, இறங்கவில்லை. ஆனால் செப்டம்பரில் 2,200 குறைகிறது, அக்டோபரில் 2,800 ஏறுகிறது, நவம்பரில் 600 குறைகிறது. வருஷ மொத்தத்தை மட்டும் பார்ப்பவர் கண்ணுக்கு இது தெரியவே தெரியாது.

தாப்பா தையல்

குறுக்கே வருகிறேன், மன்னிக்கணும். நான் பள்ளிச் சீருடை தைக்கிறேன். எங்களுக்கு இதைவிடப் பெரிய கூத்து. 2025 பள்ளித் தவணை பிப்ரவரியில் திறந்தது. 2026 ஜனவரியிலேயே திறக்கிறது. அதனால் 2025ஆம் ஆண்டுக்குள்ளேயே எனக்கு இரண்டு சீசன் விழுந்துவிட்டது, ஜனவரி பிப்ரவரியில் ஒன்று, டிசம்பரில் ஒன்று. கணக்கு எழுதும் பையன் "அக்கா, விற்பனை பிய்த்துக்கொண்டு போகிறது, அடுத்த வருஷம் இன்னும் இருபது கூட்டலாம்" என்கிறான். அதே இரண்டு சீசன் 2026இல் திரும்ப வருமா?

செலவுக்கணக்கு

பள்ளி 2027இலும் ஜனவரியில் திறந்தால், 2026க்குள் விழுவது முக்கியமாக டிசம்பர் சீசன் ஒன்றுதான், ஜனவரி முதல் பத்து நாளில் ஒரு வால் மட்டும். 2025 மொத்தத்தை அடிப்படையாக வைத்துக் கூட்டாதீர்கள். இரண்டு சீசனையும் தனித்தனியாக எத்தனை செட் என்று எண்ணி, ஒரு சீசனை எடுத்துக்கொள்ளுங்கள். பையனிடம் துணி ஆர்டர் போட வேண்டாம் என்று இன்றைக்கே சொல்லிவிடுங்கள்.

தாப்பா தையல்

போட்டாச்சு என்று நினைக்கிறேன். கேட்கிறேன்.

செலவுக்கணக்கு

முறுக்குக்குத் திரும்புவோம். அக்டோபர் 9,000 பாக்கெட்டை விலைக்கு மாற்றுவோம். கடைகளுக்கு 5,400, தலா 4.20, 22,680 வெள்ளி. பேரங்காடிக்கு இறக்குவது 2,250, அதில் நிற்பது 1,980, பத்து விழுக்காடு போகக் கிடைப்பது 4.14, ஏறத்தாழ 8,197. நேரடியாக 1,350, தலா 5.50, 7,425. மொத்தம் 38,302. எக்செலில் B பத்தியில் அனுப்பிய பாக்கெட், Cயில் திரும்பி வரும் பங்கு (பேரங்காடிக்கு 0.12, மற்றதற்கு 0), Dயில் கைக்கு வரும் விலை என்று மூன்று வரி போட்டால் இது போதும்:

```
=SUMPRODUCT(B2:B4,1-C2:C4,D2:D4)
```

இதே முறையில் செப்டம்பர் 18,300, நவம்பர் 14,900 பக்கம் வரும்.

இப்போது உங்கள் பழைய தாளைப் பாருங்கள். அக்டோபருக்கு 37,510 எழுதியிருந்தீர்கள். சரியான தொகைக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது! பாக்கெட் எண்ணிக்கை குறைவு, விலை அதிகம், ஒன்றை ஒன்று மறைத்துவிட்டது. அக்டோபரை மட்டும் சரிபார்க்கிறவர் "கணக்கு சுத்தம்" என்று கையெழுத்துப் போட்டுவிடுவார். செப்டம்பரில் அதே தாள் இருமடங்குக்கு மேல் காட்டுகிறது. அதனால்தான் வெள்ளியில் கூட்டிக் கழிக்காமல், பாக்கெட் ஒரு பக்கம், விலை ஒரு பக்கம் என்று பிரித்து வைக்கச் சொல்கிறேன்.

ஈப்போ லோரிக்காரன்

சரி, தேதி விஷயத்தில் நீங்கள் சொல்வது புரிகிறது. ஆனால் பத்து விழுக்காடு வளர்ச்சி எங்கே போனது? போன வருஷத்து அதே எண்ணிக்கையையே வைத்தால் வங்கிக்காரர் எதற்குக் கடன் கொடுப்பார்? இன்னொன்று. ஏப்ரலில் விலை ஏறுகிறது என்று கடைக்காரர்களிடம் சொன்னால், மார்ச் கடைசியில் எல்லாரும் இரண்டு மடங்கு கேட்பார்கள். ஏப்ரலில் லோரி காலியாக ஓடும். நோன்புப் பெருநாளும் மார்ச்சில்தான் வருகிறது. அந்த மார்ச்சைப் பார்த்து ஏமாறாதீர்கள்.

செலவுக்கணக்கு

மார்ச் பற்றி நல்ல கேள்வி. ஏப்ரலிலிருந்து சில நூறு பாக்கெட்டை எடுத்து மார்ச்சில் பழைய விலைக்குப் போடலாம். எவ்வளவு என்பது, கடைசியாக விலை ஏற்றிய மாதத்தின் ரசீதைப் பார்த்தால்தான் தெரியும்.

வளர்ச்சிக்கு ஒரு காரணம் வேண்டும். புதிதாக எந்தக் கடை சேர்ந்தது? எந்தக் கடை கூடுதலாகக் கேட்டது? காரணமில்லாத பத்தை நான் சேர்க்க மாட்டேன். ஆனால் ஒன்று கண்ணை உறுத்துகிறது. அந்த இரண்டு வாரமும் ஏன் சரியாக 2,400, 2,400? வாங்குகிறவர்கள் இவ்வளவு ஒழுங்காகக் கேட்க மாட்டார்கள். அது உங்கள் மெஷினின் எல்லைதானே?

சிப்புட் முறுக்கு

ஆமாக்கா. ஓவர்டைம் போட்டாலும் வாரத்துக்கு 2,400க்கு மேல் பிழிய முடியாது. அந்த இரண்டு வாரமும் வாட்ஸ்அப்பில் கேட்டவர்களுக்கு இல்லை என்று சொன்னேன். தேடி எண்ணிப் பார்த்தேன், முதல் வாரம் 600, அடுத்த வாரம் 500. "இல்லைக்கா, அடுத்த வாரம் பார்ப்போம்" என்று நான் அனுப்பியதே திரும்பத் திரும்ப இருக்கிறது. இந்த 1,100ஐ அப்படியே சேர்க்கலாமா?

செலவுக்கணக்கு

உங்களிடம் இல்லாதபோது அந்தக் கடைக்காரர் வேறு இரண்டு பேரிடமும் கேட்டிருப்பார். தட்டுப்பாடு என்று தெரிந்தால் நூறு தேவைப்படுகிறவர் இருநூறு கேட்பார். நான் பாதியைத்தான் எடுப்பேன், 550. ஒரே கடை இரண்டு வாரமும் கேட்டிருந்தால் அதை ஒருமுறைதான் எண்ண வேண்டும், அதையும் பாருங்கள்.

அந்த 550ஐ அடிப்படைத் தொகையோடு கலக்காமல் தனி வரியாகக் காட்டுங்கள். கடைகளுக்குப் போவதால் 4.20 விலையில் 2,310 வெள்ளி. பக்கத்தில், வாட்ஸ்அப்பில் கேட்டவர்களின் பட்டியல் இருக்கிறது என்று ஒரு வரி. வங்கியில் இருப்பவருக்கு வெறும் பத்து விழுக்காட்டைவிட இது நம்பும்படியாக இருக்கும்.

ஈப்போ லோரிக்காரன்

ஒரு நிமிஷம். ஐந்தாம் வாரம் முன்னால் 1,500தான் போகிறது, மெஷின் 2,400 பிழியும். அங்கேயே 900 பாக்கெட் பிழிய இடமிருக்கிறது. நான்காம் வாரத்தில் இன்னொரு 200. மொத்தம் 1,100. நீங்கள் இல்லை என்று சொன்ன அதே 1,100! முன்கூட்டியே பிழிந்து வைத்தால் பழைய மெஷினே போதும். அப்புறம் எதற்குப் புது மெஷின்?

கோல கங்சார் மசாலா

😂 வங்கிக்காரர் இந்த இழையைப் படிக்காமல் இருக்கட்டும்.

சிப்புட் முறுக்கு

அண்ணே, சொல்வது சுலபம். முறுக்கு மூன்று வாரம் இருந்தால் எண்ணெய் வாடை தட்டும் என்று கடைக்காரர்கள் முகர்ந்து பார்த்துத்தான் எடுப்பார்கள். நாங்கள் பாக்கெட்டில் மூன்று மாதம் என்று போட்டிருந்தாலும், பேரங்காடியில் தேதி நெருங்கியதைத் தொடவே மாட்டார்கள். அதோடு வைக்க இடம் வேண்டும், பட்டறைக்குப் பின்னால் ஒரே அறைதான், மழைக்காலத்தில் ஈரம் ஏறும்.

செலவுக்கணக்கு

அண்ணன் கேட்டதை வங்கியில் கட்டாயம் கேட்பார்கள், பதில் தயாராக இருக்கட்டும். இரண்டு வாரத்துக்கு முன் பிழிந்தது கெட்டுப்போகாது, புது எண்ணெயில் பொரித்து, ஆறவிட்டு, காற்றுப் புகாமல் அடைத்திருந்தால். 550 பாக்கெட் வைக்க அந்த அறை போதும் என்றுதான் எனக்குப் படுகிறது. ஆக, 2026 தீபாவளியை மட்டும் காட்டி மெஷினுக்கு நியாயம் சொல்ல முடியாது. புதிதாக இன்னொரு பேரங்காடிக் கிளை பேச்சில் இருந்தால் அதைத் தனியாக எழுதுங்கள். இல்லாவிட்டால் அந்தக் கடனை நான் அவசரப்பட்டு எடுக்க மாட்டேன்.

சிப்புட் முறுக்கு

பேச்சில் இருக்கிறது, கையெழுத்து ஆகவில்லை. தம்பி இதைப் படித்தால் கோபப்படுவான். 😅

பழைய கிராணி

நான் முப்பது வருஷம் தோட்டத்தில் சம்பளப் பட்டியல் எழுதியவன். எல்லாரும் தேதியைப் பேசுகிறீர்கள், சம்பள நாளை யாரும் பேசவில்லையே? சம்பளக் காலம் முடிந்து ஏழு நாளுக்குள் சம்பளம் போட வேண்டும் என்பது வேலைச் சட்டம். எங்கள் தோட்டத்தில் ஏழாம் தேதி வரை இழுத்துத்தான் போடுவோம். 2025இல் செப்டம்பர் சம்பளம் அக்டோபர் 7க்குள் கைக்கு வந்தது, தீபாவளிக்குப் பதின்மூன்று நாள் இருந்தது. நிதானமாகப் பலகாரம் வாங்கினார்கள். 2026இல் அக்டோபர் சம்பளம் நவம்பர் 7க்குள். மறுநாள் தீபாவளி! அதற்கு முந்திய சம்பளம் ஒரு மாதம் முன்னாலேயே செலவாகியிருக்கும். வியாபாரம் எல்லாம் கடைசி வாரத்தில் குவியும். உங்கள் 1,400 அந்த வாரத்துக்குப் போதாது, இரண்டாயிரத்துக்குக் குறையாது என்பேன்.

ஈப்போ லோரிக்காரன்

அங்கிள், அது உங்கள் காலம். இப்போது செம்பனைத் தோட்டத்தில் காய் வெட்டுகிறவர்களில் பெரும்பாலோர் இந்தோனேசியர், வங்காளதேசிகள். நம் பிள்ளைகள் டவுனிலும் ஈப்போவிலும் தொழிற்சாலை வேலை. அவர்களுக்கு மாதக் கடைசியிலேயே சம்பளம் ஏறிவிடும். அக்டோபர் 31 சனிக்கிழமை, அன்றைக்கே கடைகளில் கூட்டம் நெரியும்.

பழைய கிராணி

தம்பி, தோட்டத்தில் இருந்து வெளியே வந்தவர்கள் நிறைய, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சிப்புட்டைச் சுற்றி இன்னும் எத்தனை லயம் இருக்கிறது, அங்கே யார் குடியிருக்கிறார்கள் என்று லோரியை விட்டு இறங்கிப் பாருங்கள். தோட்டக் கடை கணக்குப் புத்தகத்தில்தான் ஓடுகிறது. சில தோட்டங்களில் பெருநாள் முன்பணம் தருவார்கள், அதையும் விசாரிக்க வேண்டும்.

செலவுக்கணக்கு

இரண்டு பேர் சொல்வதிலும் விஷயம் இருக்கிறது. எந்தக் கடை தோட்ட ஜனத்தை நம்பியது, எந்தக் கடை டவுன் ஜனத்தை நம்பியது என்பது ரசீதில் இருக்கும். அது தெரியாமல் நான் 2,000 போட மாட்டேன். தோட்டப் பக்கக் கடைகளுக்கு ஐந்தாம், நான்காம் வாரத்தில் போவதிலிருந்து 300 பாக்கெட்டை எடுத்துக் கடைசி வாரத்தில் வைக்கலாம். அக்டோபர் 8,700, நவம்பர் 3,800 ஆகும். வருஷ மொத்தம் மாறாது. மெஷினும் தாங்கும்.

பழைய கிராணி

முந்நூறு ரொம்பக் குறைவு.

சிப்புட் முறுக்கு

இன்று மாலை தம்பியோடு உட்கார்ந்து கடைகளைப் பிரித்தோம். தோட்டப் பக்கக் கடைகள் பதினொன்று, கடைகளுக்குப் போவதில் மூன்றில் ஒரு பங்கு. அதை வைத்து 300தான் போட்டிருக்கிறேன், அங்கிள் கோபிக்காதீர்கள். செப்டம்பர் 4,300 என்று பார்த்ததும் தம்பி அதிர்ந்துவிட்டான், "போன வருஷம் 6,500ஆச்சே" என்று மூன்று முறை கேட்டான். நாட்காட்டியைக் காட்டினேன்.

ஒரு கேள்வி பாக்கி. வருஷம் நடக்கும்போது அங்கிள் சொன்னதுதான் சரி என்று எனக்கு எப்போது தெரியும்? நவம்பர் வரை காத்திருந்தால் மாவு வாங்க நேரமிருக்காது.

செலவுக்கணக்கு

அக்டோபர் 17 சனிக்கிழமை ரசீதைக் கூட்டுங்கள். ஐந்தாம், நான்காம் வாரம் இரண்டுக்கும் சேர்த்து 3,700 போக வேண்டும், உங்கள் 300 கழித்தால் 3,400. டவுன் கடைகள் சரியாக எடுத்து, தோட்டக் கடைகள் மட்டும் குறைவாக எடுத்திருந்தால், கிராணி ஐயா சொன்னது நடக்கிறது. கடைசி வாரத்துக்கு மாவு கூட்டிக்கொள்ளுங்கள். இரண்டு பக்கமும் குறைந்திருந்தால் அது சம்பள நாள் சமாச்சாரம் இல்லை. விலை ஏற்றமோ, பக்கத்தில் புதிதாக வந்த முறுக்கோ. அப்போது யாரிடமும் கேட்காமல் பிழிவதைக் குறையுங்கள்.

தாப்பா தையல்

பையனிடம் கேட்டேன். துணி ஆர்டர் போட்டுவிட்டானாம். பாதியை ரத்து செய்யச் சொல்லியிருக்கிறேன், கடைக்காரர் திங்கட்கிழமை சொல்கிறேன் என்றிருக்கிறார்.